அங்கே இன்னும் பத்தொன்பது

அவளுக்கு மணி என்று பெயர் வைத்தவர்கள் பெற்றவர்கள் அல்ல, மாலுமிகளின் மனைவிமார்கள். கப்பல் ஏஜென்சி அலுவலகத்தின் பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு கிடந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டும், மடித்து மடித்துக் கிழிந்துபோன கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டும் பெண்கள் அங்கே வந்து உட்காருவார்கள். "அக்கா, இவரு எழுதியிருக்கிற நேரம் நமக்கு எத்தனை மணி?" என்று கேட்பார்கள். அவள் கணக்குப் போட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவாள். அப்படிச் சொல்லிச் சொல்லியே மணியக்கா ஆனாள். அவளுடைய நிஜப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு தொலைபேசி ஏது? கப்பலில் போனவன் கரை இறங்கினால்தான் குரல் கேட்கும். அவன் கூப்பிட வேண்டுமானால் இந்த ஊரில் அவனுக்குத் தெரிந்த ஒரே எண் ஏஜென்சி அலுவலகத்து எண்தான். அதனால் முன்கூட்டியே கடிதம் எழுதிவிடுவான்: இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்ன துறைமுகத்திலிருந்து பேசுவேன், ஆபீசில் வந்து இரு. அவன் எழுதுவது அவனிருக்கும் ஊரின் நேரம். அதை இந்த ஊர் நேரமாக மாற்றுவது மணியக்காவின் வேலை. வேலைக்கான உத்தரவில் அப்படி ஒரு வரி இல்லை. ஆனால் ஜன்னலுக்குப் பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அந்த வேலை அவர்கள் தலையில்தான் விழுந்தது.

ஏஜென்சியின் கப்பல்களில் பாதிக்குமேல் ஒரே துறைமுகத்துக்குத்தான் போய் வந்தன. அது உலகத்தின் மறுபக்கம். நமக்குப் பதின்மூன்று மணி நேரம் பின்னால். சில தேசங்களில் கோடை வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பார்களாம். அந்த ஊரில் அந்தத் தொல்லை கிடையாது. வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அதே பதின்மூன்று.

அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். ஓய்வு பெற்றுப் போகும்போது மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அதை எழுதி வைத்துவிட்டுப் போனார்: "ஒன்று கூட்டு. காலையை மாலையாக்கு, மாலையைக் காலையாக்கு." பதின்மூன்று என்பது பன்னிரண்டும் ஒன்றும்தானே. அங்கே மாலை ஆறு என்றால் ஒன்று கூட்டினால் ஏழு; மாலையைக் காலையாக்கினால் இங்கே காலை ஏழு. கண்ணை மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மணியக்காவுக்கு அந்தச் சீட்டு வேதவாக்காக இருந்தது. அதில் ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது அவளுக்கு மூன்றாவது வாரம்தான் தெரிந்தது.

எண்ணெய்க்காரரின் மனைவி கடிதத்தோடு வந்தாள். எண்ணெய்க்காரர் என்றால் எண்ணெய் விற்பவர் அல்ல. கப்பலின் இயந்திர அறையில் எண்ணெய் போட்டு, சூடு பார்த்து, துடைத்து வைக்கிறவர். மனைவி வீட்டில் தையல் மிஷின் வைத்து, ஒரு சட்டைக் கம்பெனிக்குக் காலர் தைத்துக் கொடுத்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. கணவன் கப்பலேறியபோது குழந்தைக்குக் கழுத்துகூட நிற்கவில்லை.

கடிதத்தில் எழுதியிருந்தது: பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஏழு மணி.

மணியக்கா கண்ணாடிக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தாள். ஏழும் ஒன்றும் எட்டு. மாலை, காலையாயிற்று. சீட்டில் அழகாக எழுதினாள்: "வெள்ளிக்கிழமை, 19ஆம் தேதி, காலை 8 மணி."

"காலைலயே வந்துடவா அக்கா?"

"ஏழரைக்கே வந்துடும்மா. எட்டுக்கு டாண்ணு மணி அடிக்கும்."

வெள்ளிக்கிழமை ஏழேகாலுக்கே அவள் பெஞ்சில் இருந்தாள். தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட புடவை கட்டி, குழந்தைக்குக் கண் மை இட்டு வந்திருந்தாள். "அப்பா பேசுவாரு, அப்பான்னு சொல்லு, என்ன?" என்று குழந்தைக்குப் பாடம் வேறு நடந்தது. எட்டு அடித்தது. தொலைபேசி அடிக்கவில்லை. எட்டரை. ஒன்பது. பத்து மணிக்கு ஒரு முறை அடித்தது. பெஞ்சே எழுந்து நின்றது. சரக்குக் கிடங்கிலிருந்து யாரோ ரசீது எண் கேட்டார்கள். குழந்தை அழுது, தூங்கி, எழுந்து, மறுபடி அழுதது.

மணியக்காவுக்குச் சங்கடமாக இருந்தது. "கப்பல்ல ஏதாவது அவசர வேலை வந்திருக்கும்மா. கரைக்கு விட்டிருக்க மாட்டாங்க" என்றாள்.

"மத்தவங்க எல்லாம் எப்படியாவது பேசிடறாங்க அக்கா. இவருக்குத்தான் எப்பவும் ஏதாவது வந்துடும்" என்றாள் அவள். பன்னிரண்டு மணிக்கு எழுந்தவள், போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே மணியக்கா மனதுக்குள் எண்ணெய்க்காரரைத் திட்டினாள். இப்படியும் ஒரு மனுஷனா!

மறுநாள் சனிக்கிழமை. கப்பல்களிலிருந்து வரும் தபால் பை பிரிக்கிற நாள். அதனால் அவள் ஏழரைக்கே வந்து அலுவலகத்தைத் திறந்து, பையைக் கவிழ்த்துக் கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சரியாக எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தாள். எங்கோ தூரத்தில் ஒரு ஆபரேட்டர் ஏதோ சொன்னாள். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஓர் ஆண் குரல்.

"ஏய், நான்தான்! நல்லா இருக்கியா? பாப்பா எங்க? அவகிட்ட குடு முதல்ல. இல்ல, வேணாம், நீ பேசு. ரெண்டு வார்த்தை நீ பேசு, குரலைக் கேட்டு எத்தனை மாசம்..."

மணியக்காவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "ஐயா, ஐயா... நான் ஆபீஸ் க்ளார்க் பேசறேன்."

அந்தப் பக்கம் அலை மாதிரி இரைச்சலுக்கு நடுவே அவர் பதறினார். "ஐயோ, மன்னிச்சுக்கங்கம்மா. அவ வரலையா?"

"நேத்து வந்தாங்களே! பன்னண்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தாங்க. நீங்கதான் கூப்பிடலை."

"நேத்தா? நேத்து எதுக்கு வந்தா? நேத்து பதினெட்டுதானே? நான் பத்தொன்பதுன்னு எழுதியிருந்தேனே!"

"நேத்துதாங்க பத்தொன்பது."

"இல்லம்மா. இன்னைக்குத்தான் பத்தொன்பது. வெள்ளிக்கிழமை. இங்க சாயங்காலம் ஏழு மணி. இதோ எதிர்ல போர்டுல எழுதியிருக்கு."

மணியக்கா நிமிர்ந்து சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். காலையில் அவளே தேதி கிழித்திருந்தாள். சனி, இருபது. விரல் விட்டு எண்ணினாள். அங்கே வெள்ளிக்கிழமை மாலை ஏழு. ஏழிலிருந்து நள்ளிரவு வரை ஐந்து மணி நேரம். அந்த ஐந்திலேயே தேதி மாறிவிடுகிறது. மீதி எட்டு மணி நேரம் மறுநாள் கணக்கில் அல்லவா சேர வேண்டும்? மணி சரி. தேதியைத்தான் அவள் அப்படியே இறக்கி வைத்துவிட்டாள். குறுக்குவழி காலையை மாலையாக்கச் சொன்னதே தவிர, நாளை மாற்று என்று சொல்லவே இல்லை.

"ஐயா, தப்பு என்னோடது. நான்தான் தேதியைத் தப்பா எழுதிக் குடுத்துட்டேன். அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளை இன்னும் வதைத்தது. "சரிம்மா, நடந்தது நடந்து போச்சு. ஆனா ஒரு விஷயம். என் ஒப்பந்தம் இந்த ஊரோட முடியுது. இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடறியா, வீட்டுக்குப் போறியான்னு கேப்டன் கேக்கறாரு. விடிஞ்சு எட்டு மணிக்குள்ள சொல்லணும். அவளைக் கேக்காம எப்படிச் சொல்றது? அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"மறுபடி எப்ப கூப்பிட முடியும்?"

"பதினோரு மணிக்குக் கப்பல்ல இருக்கணும். பத்து மணிக்குக் கூப்பிடறேன். வந்துடுவாளா?"

இந்த முறை அவள் கண்ணாடிக்கு அடியில் பார்க்கவில்லை. பென்சிலை எடுத்து ஒரு கவரின் முதுகில் எழுதினாள். பத்தொன்பது, இரவு பத்து. இரண்டு மணி நேரத்தில் நள்ளிரவு, தேதி இருபது. மீதி பதினொன்று. இருபதாம் தேதி, காலை பதினொன்று. "உங்களுக்கு பத்தொன்பதாம் தேதி ராத்திரி பத்து. எங்களுக்கு இருபதாம் தேதி காலைல பதினொண்ணு. அதாவது இன்னைக்கே, இன்னும் மூணு மணி நேரத்துல. கூட்டிட்டு வந்துடறேன் ஐயா. கூப்பிடுங்க." சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு அறுந்தது.

தபால் பை பிரித்தது பிரித்தபடி கிடக்க, கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினாள். மாலுமியின் பதிவேட்டில் வீட்டு விலாசம் இருந்தது. பத்து நிமிஷ நடை. வரிசை வீடுகளில் கடைசி வீடு. பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் தலையை நீட்டினாள். "அவளா? நேத்தே கோச்சுக்கிட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, புள்ளையையும் எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டாளே! ஆத்துக்கு அந்தப் பக்கம். பாலம் தாண்டினதும் மர அறுவை மில்லு வரும், அதுக்குப் பின்னால."

பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் காத்திருந்தாள். பஸ் ஊர்ந்தது. பாலத்தின் மேல் ஒரு லாரி பழுதாகி நின்றதால் பாதிப் பாலத்தில் இறங்கி நடந்தாள். நடந்தாள் என்பதைவிட ஓடினாள் என்பதே சரி. மர அறுவை மில்லைக் கண்டுபிடித்து, அக்காள் வீட்டு வாசலில் போய் நின்றபோது மணி ஒன்பதரை. செருப்பில் ஒரு வார் அறுந்து தொங்கியது. காலெல்லாம் மரத்தூள்.

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தவள் முகம் சுண்டிப்போயிற்று. "என்ன அக்கா, நேத்து அரை நாள் உக்கார வச்சு வேடிக்கை பார்த்தது போதலையா?"

"உங்க வீட்டுக்காரர் கூப்பிட்டாரும்மா. இன்னைக்குக் காலைல எட்டு மணிக்கு."

"நேத்து கூப்பிடறேன்னு எழுதிட்டு இன்னைக்குக் கூப்பிடறவரு, நாளன்னைக்கு வீட்டுக்கு வரேன்னு எழுதினா எந்த வருஷம் வருவாரு?"

"அவர் சரியாத்தான் கூப்பிட்டிருக்காரு. அவருக்கு இன்னும் பத்தொன்பதாம் தேதிதான் நடக்குது. வெள்ளிக்கிழமையே இன்னும் முடியலை அங்க."

அக்காள்காரி முறத்தை மடியில் வைத்தபடி சிரித்தாள். "நல்லா இருக்கே கதை! இருக்கறது ஒரே சூரியன். இங்க சனிக்கிழமை, அங்க வெள்ளிக்கிழமையா? கேக்கறவங்க கேனையா இருந்தா சொல்றதுக்கு என்ன!"

"ஒரே சூரியன்தாங்க. அதனாலதான். அது இங்க வந்துட்டுத்தானே அங்க போகணும்? நமக்கு இருபதாம் தேதி விடிஞ்சாச்சு. அவங்களுக்கு இன்னும் விடியலை." பிறகு மணியக்கா பெரியவளை விட்டுவிட்டுச் சின்னவளிடம் திரும்பினாள். "இது புரியலைன்னாலும் பரவாயில்ல. நேத்து வரலைன்னு நீ அவரைத் திட்டியிருப்ப. நானும்தான் திட்டினேன். ஆனா தப்பு நான் எழுதின சீட்டுல. மணியை மாத்தினவ, தேதியை மாத்த மறந்துட்டேன். பதினோரு மணிக்கு மறுபடி கூப்பிடறாரு. உன்னைக் கேட்டுத்தான் ஒரு முடிவு எடுக்கணுமாம். வரியா?"

அவள் மணியக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை; அறுந்த செருப்பைப் பார்த்தாள். உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்காவோட செருப்பு ஒண்ணு இருக்கு, போட்டுக்கங்க" என்றாள்.

திரும்பி வரும்போது பாலத்திலிருந்த லாரியை அப்புறப்படுத்தியிருந்தார்கள், நல்லவேளை. அலுவலக வாசலில் கால் வைத்தபோது பத்து ஐம்பது. ஆனால் பூட்டிவிட்டுப் போன கதவு திறந்திருந்தது. உள்ளே மேலாளர். தரையில் கொட்டிக் கிடந்த தபால்களுக்கு நடுவே நின்றபடி, தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு கிடங்குக்காரரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். அவர் பேச ஆரம்பித்தால் அரை மணிக்குக் குறைந்து வைக்கிற வழக்கம் கிடையாது.

மணியக்கா அவர் முன்னால் போய் நின்றாள். அவர் கையால் 'பொறு' என்றார். பத்து ஐம்பத்தைந்து. மூன்று வாரத்து வேலை. மேலாளரின் நிழலைக்கூட மிதிக்கப் பயப்படுகிறவள் அவள். தன் வாயிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "சார், போனை வையுங்க!"

அவர், "உன்னை அப்புறம் கூப்பிடறேன்" என்று கிடங்குக்காரரிடம் சொல்லிவிட்டு வைத்தார். "என்னம்மா இது? தபாலைக் குப்பை மாதிரி கொட்டிட்டு, ஆபீசைப் பூட்டிட்டு ஊர் சுத்தப் போயிட்டு, வந்து என்னையே அதட்டறியா?"

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சீட்டு, குறுக்குவழி, தேதி, கேப்டன், எட்டு மணி. சொல்லச் சொல்ல அவர் பார்வை கடிகாரத்துக்குப் போயிற்று, பிறகு வாசலில் குழந்தையோடு நின்றவளிடம் போயிற்று. தன் நாற்காலியை இழுத்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் போட்டார். "உக்காரும்மா" என்றார்.

பதினொன்று அடித்தது. பதினொன்று இரண்டு. மேலாளர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நான்குக்குத் தொலைபேசி அடித்தது.

மணியக்கா தரையில் உட்கார்ந்து தபால் பொறுக்க ஆரம்பித்தாள். காதை மூடிக்கொள்ள முடியுமா? முதலில் திட்டு. "நேத்து முழுக்கப் புள்ளையை வச்சுக்கிட்டு... ஆமா, சொன்னாங்க. தேதின்னு சொன்னாங்க. எனக்கு என்னங்க தெரியும் உங்க தேதி?" பிறகு திடீரென்று ஒரு சிரிப்பு. பிறகு குழந்தையின் வாயருகே ரிசீவர் போயிற்று. குழந்தை நேற்றுக் காலை படித்த பாடத்தை மறந்து, "பூ" என்றது. அது எந்தப் பூ என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் அவர் என்ன செய்தாரோ, இந்தப் பக்கம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு வெகுநேரம் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "ஒரு வருஷம்லாம் வேணாம். வந்துடுங்க. நான் தைக்கிறேன்ல? வந்துடுங்க" என்றாள்.

வைத்துவிட்டுத் திரும்பி, "வராராம் அக்கா" என்றாள் மணியக்காவிடம். ஏதோ மணியக்காவின் வீட்டு மனுஷர்தான் வருவதுபோல.

மேலாளர் திட்டவில்லை என்று சொல்ல முடியாது. தபாலுக்காகத் திட்டினார், கதவுக்காகத் திட்டினார், அதட்டியதற்காகத் தனியாகத் திட்டினார். முடிவில், "இனிமே மணியை மட்டும் எழுதாதே. ரெண்டு ஊர்த் தேதியையும் கிழமையையும் எழுது" என்றார். திங்கட்கிழமை இன்னொரு தினசரி நாள்காட்டி வாங்கிவந்து சுவரில் மாட்டினார். முதலாவது நம்முடையது, காலையில் வந்ததும் கிழிப்பது. இரண்டாவது அந்த ஊருடையது; அதை மத்தியானம் ஒரு மணிக்குத்தான் கிழிக்க வேண்டும். இங்கே ஒரு மணி அடிக்கும்போதுதான் அங்கே நள்ளிரவு. அதுவரை அவர்களுக்கு நேற்று. அதற்குப் பிறகு நமக்கும் அவர்களுக்கும் ஒரே தேதி. கண்ணாடிக்கு அடியிலிருந்த பழைய சீட்டில் அவள் ஒரு வரி சேர்த்தாள்: "அங்கே காலை பதினொன்றோ அதற்குப் பிறகோ என்றால், இங்கே மறுநாள்."

எண்ணெய்க்காரர் அடுத்த மாதம் வந்தார். அலுவலகத்துக்கும் வந்து ஜன்னலுக்கு வெளியே கூச்சத்தோடு நின்றார். "அன்னைக்கு உங்களைப் போய் 'ஏய்'னு கூப்பிட்டுட்டேன்மா" என்றார். குழந்தை அவர் தோளில் இருந்தது. முதல் பத்து நாள் அவரைக் கண்டாலே அலறியதாம். ஐந்து மாதம் கரையில், படகுப் பட்டறையில் வேலை பார்த்தார். பிறகு கடல் கூப்பிட்டுவிட்டது, மாலுமிகள் அப்படித்தான். அவர் மனைவி மறுபடியும் கடிதத்தோடு பெஞ்சுக்கு வந்தாள். ஆனால் இப்போது அவள் சீட்டு கேட்பதில்லை. கேட்க வருகிற புதுப்பெண்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள். "பதின்மூணைக் கூட்டு. நடுராத்திரியைத் தாண்டினா தேதியை ஏத்து. ஏத்தலைன்னா மணியக்கா பஸ் ஏறி வந்து உன்னை இழுத்துட்டுப் போவாங்க!" பெஞ்சே குலுங்கிச் சிரிக்கும்.

அந்த வருஷங்கள்தான் எவ்வளவு நிறைந்திருந்தன! ஒரு மணி ஆனால் ஜன்னலுக்கு வெளியிலிருந்து, "அக்கா, தேதியைக் கிழிங்க, எங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்குப் பிறந்தநாள் ஆரம்பிக்கட்டும்" என்று ஒருத்தி கத்துவாள். அன்று காலை இங்கே பிறந்தநாள் கொண்டாடி முடித்துவிட்டதாக இன்னொருத்தி சொல்வாள். ஒருத்திக்குச் சோகச் செய்தி வந்தால் அத்தனை பேரும் சேர்ந்து அவளை வீடு வரை கொண்டுபோய் விடுவார்கள். தொலைபேசி அடிப்பதற்கு முந்தைய அந்த ஒரு நிமிஷத்தில் எட்டுப் பத்துப் பெண்கள் ஒரே மூச்சாக அடங்கிப்போவார்கள். அப்படியொரு அமைதியை மணியக்கா அதற்குப் பிறகு எங்கேயும் கேட்டதில்லை.

பிறகு வீடுகளுக்குத் தொலைபேசி வந்தது. பிறகு கைபேசி. பெஞ்சில் ஆள் குறைந்து, ஒருநாள் அதை எடுத்துப் பின்கட்டில் போட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் நகலெடுக்கும் இயந்திரம் வந்தது. மேலாளர் காலமானார். மணியக்காவைச் சரக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் அவள் பல நாட்டு நேரங்களைக் கணக்குப் பார்த்தாள். ஆனால் காத்திருந்தவை பெட்டிகள், பெண்கள் அல்ல.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், ஒரு மத்தியானம், புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் ஏதோ கையெழுத்துக்காக அலுவலகத்துக்கு வந்தாள். கணவன் கப்பலேறி இருபது நாள்; உலகத்தின் மறுபக்கத்து அதே துறைமுகம். கைபேசியை நீட்டினாள். அதில் இரண்டு ஊர் நேரமும் தேதியும் பக்கம் பக்கமாக மின்னின.

"அக்கா, அங்க இப்ப ராத்திரி ரெண்டரைன்னு காட்டுது. தூங்கியிருப்பாரா, முழிச்சிருப்பாரா?"

மணியக்கா அவளை உட்காரச் சொன்னாள். "எந்த வேலைல இருக்காரு?"

"இயந்திர அறை."

"காவல், அதான் அவரோட டியூட்டி முறை, எப்பன்னு சொன்னாரா?"

"பன்னண்டுலருந்து நாலுன்னாரு."

"அப்ப முழிச்சுத்தான் இருப்பாரு. கீழ சூடா இருக்கும், சத்தமா இருக்கும். நாலு மணிக்கு மேல வந்து குளிச்சிட்டுத் தூங்குவாரு. நமக்கு அப்ப சாயங்காலம் அஞ்சு. ஒரு ஆறு மணிக்குள்ள கூப்பிட்டா பேசலாம்."

அந்தப் பெண் போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சொந்த ஊர், மாமியார், தனியாகத் தூங்கப் பயமாக இருப்பது என்று என்னென்னவோ சொன்னாள். மணியக்கா இரண்டு டீ வரவழைத்தாள்.